மிளகாய்த்தூள் பாக்கெட்டும் நான் மேடத்துக்கு எழுதின புகாரும்

நான் பத்தாவது வரை படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. நம்ம மசாலா யூனிட்டில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

யூனிட்டில் நான் எடை போட்டுப் பாக்கெட்டில் நிரப்புவேன். கூட இருக்கும் ஒரு அக்கா சீல் போடுவாங்க. பேர் வேண்டாம். போன வருஷம் ஒரு கடையிலிருந்து 200 கிராம் மிளகாய்த்தூள் 11 பாக்கெட் திரும்பி வந்துச்சு. காத்துப் பட்டு தூள் கட்டி கட்டியா இருந்தது. கடைக்காரர் என்னைத்தான் திட்டினார். அன்னைக்கு ராத்திரி மேடத்துக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "அந்த அக்கா எப்பப் பாத்தாலும் இப்படித்தான் மேடம். சோம்பேறி. வேணும்னே சரியா சீல் போடாம நாலு மணிக்கே ஓடிடுறாங்க. எல்லாரும் அவங்கள அப்படித்தான் சொல்றாங்க. இனி ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அவங்க இருக்கணும்."

காலையில் மேடம் போன் பண்ணினாங்க. கோபப்படலை. "எத்தனை பாக்கெட்? எந்தத் தேதி போட்டது? சீல் எங்க பிரிஞ்சிருக்கு?" மூணுக்கும் என்கிட்ட பதில் இல்லை. "நீங்க சொன்னதை வச்சு நான் என்னம்மா செய்ய முடியும்? எழுதி அனுப்புங்க"ன்னு வச்சுட்டாங்க.

பையனோட நோட்டில் நான் பேசினதை அப்படியே எழுதினேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையா பார்த்தேன். இதை நான் கண்ணால் பார்த்தேனா, இல்லை நினைச்சுக்கிட்டேனா? 'வேணும்னே' நான் நினைச்சது. அடிச்சேன். 'சோம்பேறி' வெறும் திட்டு. அதையும் அடிச்சேன். 'எல்லாரும்'னு சொன்னேனே, யாரு? கிணத்தடியில் ஒருத்தி சொன்னது. அதுவும் போச்சு. 'எப்பப் பாத்தாலும்' என்கிற இடத்தில் தேதி எழுதணும்னு பாக்கெட்டையும் வேலைப் பதிவேட்டையும் எடுத்து வச்சேன். அப்பதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த அக்கா சீக்கிரம் போன நாட்களில் கடைசி 40 பாக்கெட்டுக்குச் சீல் போட்டது நான்! அதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். மறைச்சா, பதிவேட்டைப் பார்க்கும்போது தெரிஞ்சிடும். அப்புறம் நான் சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. எழுதிட்டேன்.

கடைசியில் அனுப்பினது இதுதான்:

"வணக்கம் மேடம். 200 கிராம் மிளகாய்த்தூள் 11 பாக்கெட் கடையிலிருந்து திரும்பி வந்துள்ளது. பேக் செய்த தேதி 3, 7, 12. பதினொன்றிலும் மேல் சீல் வலது ஓரத்தில் மட்டும் பிரிந்துள்ளது. அந்த மூன்று நாளும் சீல் வேலை அக்காவுடையது. அவர் 4 மணிக்குக் கிளம்பினார், வேலை 5 மணி வரை. கடைசி 40 பாக்கெட் நான் சீல் செய்தேன். திரும்பி வந்தவை யார் போட்டவை என்று தெரியவில்லை. 12ஆம் தேதி அவரிடம் கேட்டேன், மிஷின் சரியாகச் சூடாகவில்லை என்றார். பாக்கெட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த பேக்கிங்குக்கு முன் மிஷினைப் பார்க்கவும், 4 முதல் 5 வரை சீலுக்கு யார் என்று சொல்லவும் கேட்டுக்கொள்கிறேன்."

குரூப்பில் போடலை, மேடத்துக்கு மட்டும். கடைசி வரி முக்கியம். என்ன செய்யணும்னு கேட்காம விட்டா, படிச்சவங்க "சரி, பாவம்"னு போயிடுவாங்க.

மறுநாளே மேடம் வந்து மிஷினைத் திறந்து பார்த்தாங்க. சூடாகிற கம்பி மேல ஒரு துணிப்பட்டை இருக்கும் இல்லையா, அது வலது ஓரத்தில் கருகிப் போயிருந்தது. அந்த இடத்தில் சீல் பிடிக்கவே இல்லை. யார் போட்டிருந்தாலும் பிரிஞ்சிருக்கும். பட்டையை மாத்தினாங்க. 'வலது ஓரம்'னு நான் எழுதினதாலதான் நேரா அங்கே பார்த்தேன்னு மேடம் சொன்னாங்க. வாய்ஸ் மெசேஜோடு விட்டிருந்தா அந்த அக்கா வேலையை விட்டு நின்னிருப்பாங்க, பாக்கெட்டும் பிரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கும்.

நாலு மணிக்குப் போறது மட்டும் தப்புதான். அவங்க ஊருக்குக் கடைசி பஸ் அதுதானாம். இப்ப காலையில் ஒரு மணி நேரம் முன்னாடி வர்றாங்க. மழை நாளில் இன்னும் இழுபறிதான்.

ஒண்ணு சொல்லணும். காசு காணோம், யாராவது கை நீட்டிட்டாங்க, அசிங்கமா நடந்துக்கிட்டாங்கன்னா நோட்டு எடுத்து உட்கார வேண்டாம். அந்த நிமிஷமே போன் பண்ணுங்க, எழுதுறதைப் பிறகு பார்த்துக்கலாம்.

அந்த அக்கா இதோ மூணாவது வரிசையில்தான் இருக்காங்க. முதல்ல போட்ட வாய்ஸ் மெசேஜைப் பத்தி இன்னைக்குத்தான் அவங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருவாங்களான்னு பார்க்கணும்.