முன்னங்காலில் மஞ்சள் புள்ளி: குதிரையும் பாட் ஈயும்

விழுப்புரம் பக்கம் குதிரைன்னா அய்யனார் கோயில் மண்குதிரைதான் ஞாபகம் வரும். ஆனா கால்நடை மருத்துவரான எனக்குப் போன் வந்தது நிஜக் குதிரைக்காக. திண்டிவனம் பக்கத்துல ஒரு அண்ணன், கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு பழுப்புப் பெண்குதிரை வெச்சிருக்கார்.

"சார், முன்னங்கால் முடியில மஞ்சளா ஏதோ ஒட்டியிருக்கு, தேய்ச்சாலும் போகல. தை பிறந்தா வரிசையா முகூர்த்தம் இருக்கு."

அது பாட் ஈயோட முட்டை. தேனீ மாதிரி இருக்கும், ஆனா கொட்டாது, கடிக்காது. பறந்துகிட்டே ஒவ்வொரு முடியிலும் ஒரு முட்டையை ஒட்டிட்டுப் போயிடும். குதிரை அந்த இடத்தை நக்கும்போது, ஈரமும் சூடும் பட்டு முட்டை பொரியும். குட்டிப் புழு நாக்குக்குள்ள துளைச்சு மூணு, நாலு வாரம் இருக்கும். அப்புறம் இரைப்பைச் சுவரைக் கொக்கியால பிடிச்சுக்கிட்டு எட்டு, பத்து மாசம் தங்கும். கடைசியில லத்தியோட வெளியே வந்து, மண்ணுல கூட்டுப்புழுவாகி, ஈயாகும்.

மாட்டைத் தாக்குற வார்பிள் ஈ வேற. வட இந்தியாவுல அதிகம். அதோட புழு நேரா தோலைத் துளைச்சு, உடம்புக்குள்ள பயணம் செஞ்சு, முதுகுத் தோலுக்கடியில வீங்கி நிக்கும்.

அண்ணன் கேட்டார்: "ஃபென்பென்டசோல் கொடுத்தாச்சே?" அது பாட் புழுவைக் கொல்லாது. "மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் ஊசி?" வேண்டவே வேண்டாம், குதிரைக்கு ஊசி போட்ட இடத்துல ஆபத்தான தொற்று வரலாம். வாய்வழிப் பேஸ்ட்தான் சரி. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 300 கிலோ குதிரைக்கு 60 மில்லிகிராம்.

எப்போ கொடுக்கணும்? வெளிநாட்டுப் புத்தகங்கள் 'முதல் உறைபனிக்குப் பிறகு'ன்னு சொல்லும். உறைபனியில ஈ செத்துடும். நம்ம மார்கழிப் பனியில அது நடக்காது. அதனால காலண்டருக்குப் பதிலா குதிரையோட காலையே பார்த்தோம்.

பேஸ்ட் முட்டையைக் கொல்லாது. காலி ஓடும் முடியிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால முதல்ல கையுறை போட்டு, மழுங்கின கத்தியால எல்லாத்தையும் சுரண்டினோம். மிச்சத்தை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச ஸ்பாஞ்சால துடைச்சோம். சூட்டுல அங்கேயே பொரிஞ்சு, கழுவும்போது போயிடும். அதுவரைக்கும் குதிரை காலை நக்காம கட்டி வெச்சோம்.

அதுக்கப்புறம் வாராவாரம் அண்ணன் போட்டோ அனுப்பினார். முதல் வாரம் ஆறு புது முட்டை, அதையும் சுரண்டினார். மூணாவது வாரத்துல ஒண்ணுமில்லை. அங்கிருந்து நாலு வாரம் காத்திருந்து, நாக்குல இருந்த புழுவெல்லாம் இரைப்பைக்கு வந்த பிறகு பேஸ்ட் கொடுத்தோம். சில நாள்ல லத்தியில செம்மஞ்சள் புழுக்கள் கிடந்ததைக் காட்டினார். இடையில வந்த தை முகூர்த்தம் எதுவும் தவறல.

அண்ணன் இப்பவும் குதிரையைத் தேய்க்கும்போது முதல்ல முன்னங்காலைத்தான் பார்க்கிறார்.