பாஸ்புக்கில் தானாகக் கழியும் பணம்: மூன்று வழிகள், மூன்று அடையாளங்கள்

(காமயகவுண்டன்பட்டியில் குடும்பங்களுக்காக நடந்த நிதி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு அம்மா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மகன் வளைகுடாவில் இருக்கிறார். மாதாமாதம் பணம் அனுப்புகிறார். "பேங்க்ல என் பணத்தைக் கேட்காமலே எடுக்கிறாங்க. எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், இன்னும் போகுது" என்றார்கள். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். நம்மில் பலர் வீட்டு பாஸ்புக்கும் இதே மாதிரிதான் இருக்கும்.

மாதத் தொடக்கத்தில் கணக்கில் இருந்தது 2,740 ரூபாய். 3ஆம் தேதி 1,000 ரூபாய் கழிந்தது. 4ஆம் தேதி 199 ரூபாய். 5ஆம் தேதி 295 ரூபாய். 7ஆம் தேதி மகனுடைய 15,000 வந்தது. 10ஆம் தேதி 2,480 ரூபாய் கழிந்தது. நான்கு கழிவுகள். நான்கும் தானாக நடந்தவைதான், ஆனால் ஒரே வழியில் நடந்தவை அல்ல.

முதல் 1,000 ரூபாய்க்கு எதிரே SI என்றும் RD என்றும் எழுதியிருந்தது. இது நிலையான அறிவுறுத்தல், ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். "என் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் 1,000 எடுத்து ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள்" என்று அந்த அம்மாவே தன் வங்கிக்கு எழுதிக் கொடுத்த உத்தரவு. உத்தரவு நம்முடையது, நிறைவேற்றுவது நம் வங்கி. வெளியாள் யாரும் இதில் இல்லை. அதனால் தேதியை மாற்றுவதும் நிறுத்துவதும் நம் கிளையில் ஒரு கடிதத்தோடு முடிகிற வேலை.

அடுத்து 10ஆம் தேதி கழிந்த 2,480 ரூபாய். அதற்கு எதிரே ACH D என்று தொடங்கி, ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் நீண்ட எண்ணும் இருந்தன. சில வங்கிகளில் NACH என்றும், பழைய பதிவுகளில் ECS என்றும் இருக்கும். மகன் பைக் கடன் வாங்கியபோது அம்மா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதுதான் மேண்டேட். "இந்த நிறுவனம் கேட்கும்போது, இன்ன தொகை வரை என் கணக்கிலிருந்து கொடுங்கள்" என்பது அதன் பொருள். இங்கே பணத்தைக் கேட்பது நிறுவனம். நம் வங்கி கொடுக்கிறது. நடுவில் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் நடத்தும் அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் UMRN என்று 20 எழுத்துகள் கொண்ட ஓர் எண் உண்டு. புகார் கொடுக்கவும் ரத்து செய்யவும் அந்த எண்தான் கைப்பிடி. மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுகிறவர்களுக்கும் ACH D என்றே வரலாம். அதில் ஃபண்டின் பெயருக்குப் பதிலாக INDIAN CLEARING CORP என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பங்குச் சந்தை வழியாகப் பணம் போகிறது என்று அர்த்தம்.

சரி, அந்த 295 ரூபாய் என்ன? அதற்கு எதிரே ACH என்பதோடு RTN என்றும் CHRG என்றும் இருந்தது. 5ஆம் தேதி நிறுவனம் 2,480 கேட்டது. அன்று கணக்கில் இருந்தது 1,541 மட்டும். பணம் போதாமல் கோரிக்கை திரும்பிவிட்டது. அதற்கு வங்கி 250 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 45 ரூபாயும் எடுத்தது. நிறுவனமும் தன் பங்குக்கு 590 ரூபாய் பவுன்ஸ் கட்டணத்தைக் கடன் கணக்கில் ஏற்றியது. அது பாஸ்புக்கில் தெரியாது. கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டைக் கேட்டு வாங்கினால்தான் தெரியும். ஆக ஒரு தடவை திரும்பியதற்கு 885 ரூபாய்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். 3ஆம் தேதி அந்த 1,000 போகாமல் இருந்திருந்தால், 5ஆம் தேதி கையில் 2,541 இருந்திருக்கும். 2,480 கழிந்து 61 ரூபாய் மிஞ்சியிருக்கும். சொந்தச் சேமிப்புக்காகக் கொடுத்த உத்தரவு முந்திக்கொண்டு, கடன் தவணையைத் தட்டிவிட்டது. அந்த உத்தரவை 15ஆம் தேதிக்கு மாற்றியிருந்தால் போதும். மூன்றில் நம் கையில் முழுதாக இருப்பது அது ஒன்றுதான்.

மூன்றாவது, 199 ரூபாய். அதற்கு எதிரே DC SI என்றும், கார்டின் கடைசி நான்கு எண்களும், படம் பார்க்கும் ஒரு ஆப்பின் பெயரும் இருந்தன. இங்கேதான் குழப்பம். இதிலும் SI இருக்கிறது. ஆனால் இது வங்கிக்கு நாம் எழுதிக் கொடுத்த உத்தரவு அல்ல. DC என்றால் டெபிட் கார்டு. பேரன் போனில் கார்டு எண்ணைப் போட்டு ஒருமுறை ஓடிபி கொடுத்திருக்கிறான். அன்று முதல் மாதாமாதம் கழிகிறது. யுபிஐ வழியாகச் செய்திருந்தால் UPI என்று தொடங்கி, பெரும்பாலும் MANDATE என்ற சொல்லும் வரும். சில நேரம் ஆப்பின் பெயருக்குப் பதிலாகப் பணம் வசூலிக்கும் இடைநிறுவனத்தின் பெயர் வரும்.

இந்த வகைக்கு ரிசர்வ் வங்கி வைத்த விதி உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. பதிவு செய்யும்போது ஓடிபி வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவையும் கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு செய்தி அனுப்ப வேண்டும். வேண்டாம் என்று மறுக்கவும் அதில் வழி இருக்க வேண்டும். 2022 ஜூன் முதல் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. அந்த அம்மாவுக்கு ஏன் செய்தி வரவில்லை? வங்கியில் பதிந்திருந்தது மகனின் பழைய எண். அவர் வெளிநாடு போனதும் அந்த சிம் அணைந்துவிட்டது. செய்தி யாருமில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

இனி, "எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று எழுதிக் கொடுத்தபோது நடந்தது என்ன? கிளையில் அவர்கள் உத்தரவாக இருந்தது ரெக்கரிங் டெபாசிட் மட்டும். அதை நிறுத்திவிட்டார்கள். சேமிப்பு நின்றது, 199 தொடர்ந்தது.

ஆகவே நிறுத்துவதற்கு முன் எழுத்தைப் பாருங்கள். SI, RD என்றால் நம் கிளை. ACH D என்றால் முதலில் அந்த நிறுவனம். அது கேட்காவிட்டால் UMRN எண்ணைக் குறித்து நம் வங்கிக்கு எழுத்து மூலம் கொடுக்கலாம். ஆனால் மேண்டேட்டை நிறுத்தினால் கடன் நிற்காது. தவணையை வேறு வழியில் கட்டியே ஆக வேண்டும். பணமில்லாமல் தவணை திரும்புவது 2007ஆம் ஆண்டின் பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சட்டத்தின் 25ஆம் பிரிவில் செக் திரும்புவதைப் போன்ற குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். கார்டு என்றால் அந்த ஆப்பில் சந்தாவை ரத்து செய்துவிட்டு, வங்கியின் இ-மேண்டேட் பக்கத்திலும் நீக்க வேண்டும். யுபிஐ என்றால் எந்த ஆப்பில் பதிந்தோமோ அதில் Autopay என்ற இடம். போனிலிருந்து ஆப்பை அழிப்பதால் எதுவும் நிற்காது.

நீங்களோ வீட்டாரோ பதியவே இல்லாத ஒன்று கழிந்திருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தாமதமானால் இழப்பில் ஒரு பங்கு நம் தலையில் விழலாம்.

அந்த அம்மா இப்போது தன் எண்ணையே வங்கியில் பதிந்துவிட்டார்கள். ரெக்கரிங் டெபாசிட் திரும்பத் தொடங்கியிருக்கிறது, 15ஆம் தேதிக்கு. பாஸ்புக் கொண்டு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம்.