கந்தூரி விழா: நன்கொடை தாரீர்! கணக்குப் பாரீர்!

(ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



நமதூர்க் கந்தூரி விழாவிற்காக உங்கள் இல்லந்தேடி ரசீதுப் புத்தகத்துடன் வரவிருக்கின்றோம். நீங்கள் தரும் தொகைக்கு நாங்கள் எவ்வாறு கணக்குக் காட்டுவோம் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) பணிக்கின்றதன்றோ!

ஒவ்வொரு வெள்ளியன்றும் ஜும்ஆவிற்கு முன்னர் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் அவ்வாரக் கணக்கு ஒட்டப்படும். அதனைச் சரிபார்க்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றோம். ஒரு வாரத்தில் 101 முதல் 128 வரையிலான 28 ரசீதுகள் செலவாயின எனக் கொள்வோம். அவற்றுள் 117ஆம் எண் எழுத்துப் பிழையால் ரத்தானது. அதன் மூலச்சீட்டு அடிக்கட்டையுடனேயே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அது கிழித்தெறியப்பட்டிருந்தால் ஐயுற வேண்டிய இடம் அதுவே. இரண்டு ரசீதுகள் அரிசிக்குரியவை. எஞ்சிய 25 ரசீதுகளின் தொகை ரூ. 18,600. இத்தொகை குறையாமல் வங்கியில் செலுத்தப்படும். பாத்திர வாடகைக்கு முன்பணம் ரூ. 2,600 தேவையெனில், அது வங்கியிலிருந்து எடுக்கப்படும். வசூல் பையிலிருந்து அன்று. ஆகவே வங்கி இருப்பு ரூ. 16,000 எனப் பலகையில் காணப்படும். உங்கள் ரசீது எண்ணும் தொகையும் பட்டியலில் உள்ளனவா என்று நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மனத்தாங்கல் பெரும்பாலும் பொருளாக வரும் நன்கொடையில்தான் எழுகின்றது. ஒருவர் 50 கிலோ அரிசி தருகின்றார். கிலோ ரூ. 60 வீதம் ரூ. 3,000 என்று வரவில் எழுதிவிட்டுச் செலவில் எழுதாது விட்டால், இறுதியில் கையில் இல்லாத ரூ. 3,000 மிச்சமெனத் தோன்றும். "அப்பணம் எங்கே?" என்ற வினா எழும், ஒருவரும் எடுத்திராத பணத்திற்காக நல்லவர்கள் தலைகுனிய நேரும். எனவே அரிசி, ஆடு, எண்ணெய் யாவும் எடையாகவும் எண்ணிக்கையாகவும் தனிப் பதிவேட்டில் எழுதப்படும். பண்டாரியிடம் 42 கிலோ அளந்து கொடுத்தால், எஞ்சிய 8 கிலோ என்னவாயிற்று என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.

மற்றொன்று: ஜகாத் பணத்தை இவ்வசூலில் சேர்க்காதீர்கள். அதற்குரியோர் எண்வகையினர் என்று அல்குர்ஆன் (9:60) வரையறுத்துள்ளது. கந்தூரிச் சோற்றையோ செல்வந்தரும் ஏழையரும் ஒருங்கே உண்கின்றனர். ஜகாத்திற்குத் தனி ரசீதும் தனிக் கணக்கும் உண்டு.

விழா முடிந்து வரும் இரண்டாம் வெள்ளியன்று, நிர்வாகத்தில் இல்லாத இருவர் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து ஒப்பமிட்ட இறுதிக் கணக்கு ஒட்டப்படும். மிச்சத்தை என்ன செய்வதென்பதை இப்பொதுக்குழுவே இன்று முடிவு செய்யட்டும். மிஞ்சிய பின்னர் முடிவு செய்தால் பிணக்குக்கு இடமுண்டு.

இயன்றதைத் தாருங்கள், ரசீதின்றி எவரிடமும் தராதீர்கள். வல்ல அல்லாஹ் ஏற்றருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.