ஒரே கணக்கு, மூன்று பிள்ளைகள்



ஸ்பிரிங்வெளியில் மாலை வகுப்பு தொடங்கப் போகிறோம் என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். நல்ல காரியம். அதில் எந்தப் பாடத்தை, யாருக்கு, எங்கிருந்து தொடங்குவது என்பதை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நம் பிள்ளைகளை ஓ.எல். பரீட்சையில் அதிகம் மறித்து நிற்பது கணிதம். உயர்தரம் படிக்க ஆறு பாடம் சித்தியடைய வேண்டும். அந்த ஆறில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். மூன்று பாடத்தில் திறமைச் சித்தியும் வேண்டும். மற்றப் பாடங்களில் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் கணிதம் போனால் வழி அடைபட்டுவிடும்.

சித்திக்கு 35 புள்ளி. கணிதத்தில் இரண்டு வினாத்தாளுக்கும் சேர்த்து மொத்தம் 200. அதை இரண்டால் வகுத்துத்தான் நூறுக்குக் கணக்கிடுகிறார்கள். ஆகவே நமக்குத் தேவை 200க்கு 70. முதல் வினாத்தாளில் இரண்டு புள்ளி வீதம் 25 சிறு வினாக்கள் வரும். அதில் 15 சரியென்றால் 30. அடுத்து வரும் ஐந்து வினாக்களில், பத்துக்கு நாலு வீதம் எடுத்தாலும் 20. இரண்டாம் வினாத்தாளில் பத்து வினா எழுத வேண்டும். வரைபும் புள்ளிவிபரமும் ஓரளவு தெரிந்த பிள்ளை அங்கே ஒரு 20 எடுத்துவிடும். கூட்டிப் பாருங்கள், 70.

இது எட்டாத மலை இல்லை என்பது டியூசன் வாத்தியார்களுக்கும் தெரியும். அதனால் அவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். பாஸ் பேப்பர்! பத்து வருட வினாத்தாளை வாங்கி, பலகையில் செய்து காட்டி, பிள்ளைகளைப் பார்த்து எழுத வைப்பது. அடித்தளம் சரியாக உள்ள பிள்ளைக்கு அது நல்ல பயிற்சிதான். அடித்தளம் இல்லாத பிள்ளையோ கொப்பி நிறையச் சரியான விடையை எழுதி வைத்துக்கொண்டு மண்டபத்தில் போய் முழிக்கிறது. அம்மா கொழுந்து பறித்த காசும், பதுளைக்குப் போய் வந்த பஸ் காசும் அதோடு போய்விடும்.

ஏன் முழிக்கிறது? ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். தரம் பத்துப் பிள்ளைகள் மூவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒருவர் தன் சம்பளத்தில் 1/4 பங்கைச் சாமானுக்குக் கொடுத்தார். மீதியில் 1/3 பங்கைக் கடனுக்குக் கட்டினார். கையில் மிஞ்சியது எத்தனை பங்கு?" ஓ.எல். தாளில் இந்த மாதிரிப் பின்னக் கணக்கு அடிக்கடி வரும்.

முதல் பிள்ளை 1/4ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/7 என்று எழுதுகிறது. மேலே உள்ளதை மேலோடும், கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிவிட்டது. 2/7 என்பது 1/3ஐ விடச் சிறியது. இரண்டு செலவைக் கூட்டினால், அதில் ஒரு செலவை விடவும் குறைவாக எப்படி வரும்? இந்தக் கேள்வி அந்தப் பிள்ளைக்கு எழவில்லை. காரணம், பின்னம் என்பது ஓர் அளவு என்றே அது இன்னும் அறியவில்லை.

இரண்டாவது பிள்ளை பொதுப்பகுதி எடுத்து ஒழுங்காகக் கூட்டி 7/12 செலவு, 5/12 மீதி என்கிறது. கூட்டல் சரி. ஆனால் "மீதியில்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டது. முழுச் சம்பளத்தில் 1/3 எடுத்துவிட்டது. சாமானுக்குப் பிறகு இருப்பது 3/4. அதில் 1/3 என்றால் 1/4. ஆக மிஞ்சுவது சரி பாதி. இந்தப் பிள்ளைக்குத் தேவை கணக்கை நிறுத்தி வாசித்து, ஒரு கோடு போட்டு, நாலாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்.

மூன்றாவது பிள்ளை ஒன்றும் எழுதவில்லை. வாயால் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து முடிக்கும்போது முதல் வரி மறந்து போயிருக்கும். அதற்குக் கணக்கு வகுப்பே இப்போது தேவையில்லை. வாசிப்பு வகுப்புத்தான் வேண்டும்.

மூவரிடமும் சரியான விடை இல்லை. திருத்துபவருக்கு அதற்கு மேல் தெரியத் தேவையில்லை. நமக்குத் தெரிய வேண்டும். இந்த மூவரையும் ஒரே வாங்கில் உட்கார வைத்து ஒரே பாஸ் பேப்பரைச் செய்தால் இரண்டாவது பிள்ளைக்கு மட்டும்தான் கொஞ்சம் பயன்.

பிள்ளை நிற்கும் படியைப் பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. மும்பையில் தொடங்கிய 'பிரதம்' என்ற அமைப்பு இதை ஒரு முறையாகவே செய்துவருகிறது. ஒரே ஒரு தாளில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று நாலு படி இருக்கும். பிள்ளை தனியாக வந்து வாசிக்க வேண்டும். எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்கு உரிய குழுவில் சேர்க்கிறார்கள். வயதும் வகுப்பும் அங்கே இரண்டாம் பட்சம்.

கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஊரிலுள்ள படித்த இளையவர்களே தன்னார்வலர்கள். பெரும்பாலும் பெண்கள். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, ஒருவரிடம் இருபது பிள்ளைகள் அளவில், வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நடந்தது. அபிஜித் சிங், கார்த்திக் முரளிதரன், மொரிசியோ ரொமேரோ என்ற ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், விட்டுப்போன கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்திருந்தது. அப்படித் திரும்பியதில் கால்வாசி அளவுக்கு இந்த மாலை வகுப்புத்தான் காரணம் என்று கண்டார்கள்.

இரண்டு பக்கமும் பாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் நடத்திய வகுப்பு கால்வாசியைச் சாதித்தது. மிச்சம் இந்த வகுப்புக்கு வெளியே வந்தது. ஆகவே மாலை வகுப்பு பாடசாலையின் இடத்தைப் பிடிக்க முடியாது. மாலை வகுப்பு இருக்கிறதே என்று சொல்லி ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பாமல் விட நினைப்பவர்களுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. இலவசக் கல்வி 1945இல் வந்த பிறகும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் துரைமார் கையிலேயே கிடந்தன. 1970களில்தான் அரசாங்கம் பொறுப்பேற்றது. பாட்டன் காலத்தில் தொடங்கிய அந்தப் பின்னடைவை நாலு தன்னார்வலர் மட்டும் தூக்கி நிறுத்த முடியாது.

நம்மால் முடிந்தது என்ன? உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் நம் லயங்களில் இருக்கிறார்கள். வட்டத் தேற்றங்களை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம். அது கணித ஆசிரியரின் வேலை. வாசிப்பு, நாலு செய்கை, பின்னம், சதவீதம், இவ்வளவையும் அவர்களிடம் கொடுங்கள். முதல் வாரம் பாடமே நடத்த வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்க வைத்து, இந்தச் சம்பளக் கணக்கைக் கொடுத்து, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். விடையை விட அந்தப் பதில்தான் முக்கியம். அதை வைத்து மூன்று குழு பிரியுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தரம் பத்து மாணவனைத் தரம் ஆறு தங்கச்சியோடு உட்கார வைத்தால் மறுநாள் வரமாட்டான். குழுவுக்கு வகுப்பு எண்ணைப் பெயராக வைக்காதீர்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வகுப்பை நிறுத்துங்கள். தூரத்து லயத்துப் பெண் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு சேரும்படி நேரம் வையுங்கள். மழை நின்றும் பிள்ளை வரவில்லையா, அடுத்த நாளே வீட்டுக்கு ஆள் போக வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பு உருப்படுகிறதா என்று எப்படி அறிவது? அதே கணக்கை, எண்ணையும் கதையையும் மாற்றிக் கொடுங்கள். சம்பளத்துக்குப் பதிலாகத் தண்ணீர்த் தாங்கி, 1/4க்குப் பதிலாக 2/5. பழைய கணக்குச் சரி, புதியது பிழை என்றால் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது. குழுவை மாற்றாதீர்கள், சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். இரண்டும் சரியென்றால் அன்றைக்குத்தான் பாஸ் பேப்பரைக் கையில் கொடுங்கள்.

தோட்டத் தலைவர்மாரிடம் என் வேண்டுகோள், மண்டபத்தின் சாவியும் ஒரு நல்ல விளக்கும். அதிபரிடம் வேண்டுவது, மாதம் ஒரு தடவை கணித ஆசிரியர் வந்து குழுக்களைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதே. தாய்மாரே, நீங்கள் வகுப்புக்கு வந்தால் "எத்தனை புள்ளி?" என்று கேட்காதீர்கள். "என் பிள்ளை எந்தக் குழுவில் இருந்தது, இப்போது எந்தக் குழுவில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாத வகுப்பு, நாம் நடத்துவதாக இருந்தாலும், அதை விட்டுவிட்டுப் போங்கள்.