இதை யார் சொன்னது?

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர வகுப்பு மாணவிகளும் பழைய மாணவிகளும் கூடியிருந்த அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் பலரும் வந்திருப்பீர்கள். இன்று நாம் பேசப்போவது ஒரு கொப்பியைப் பற்றி. புத்தகத்தை வாசித்து நாம் எழுதும் குறிப்புக் கொப்பியில் எப்போதும் மூன்று குரல்கள் இருக்கின்றன. ஒன்று, நூலாசிரியரின் சொற்கள் அப்படியே. இரண்டாவது, அவர் சொன்னதை நாம் நமது சொற்களில் எழுதியது. மூன்றாவது, வாசிக்கும்போது நமக்குத் தோன்றியது. எழுதுகிற அன்று எது யாருடையது என்று நமக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதம் கழித்துத் தெரியாது. அதுதான் சிக்கல்.

பட்டமேற்படிப்புக் காலத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். வரைபை வாசித்த மேற்பார்வையாளர் ஒரு பந்தியைப் பென்சிலால் வட்டமிட்டு, "பிள்ளையள், இந்தப் பந்தியில மட்டும் உங்கட இங்கிலிஷ் திடீரெண்டு திருந்தியிருக்கு. இதை ஆர் சொன்னது?" என்று கேட்டார். நாங்கள்தான் சொன்னோம் என்று உண்மையாகவே நம்பினோம். கொப்பியைப் புரட்டினால் அந்தப் பந்தி எங்கள் கையெழுத்தில் இருந்தது. மேற்கோள் குறி இல்லை, பக்க எண் இல்லை. இரண்டு பின்னேரங்கள் நூலகத்தில் தேடியபின் அது இன்னொருவரின் கட்டுரையில், சொல்லுக்குச் சொல் அப்படியே கிடைத்தது.

அதைத் தேடும்போது இன்னொன்றும் அகப்பட்டது. ஓர் ஆசிரியரின் கருத்து என்று நாங்கள் எழுதியிருந்த ஒரு வசனம் அவருடைய கட்டுரையில் எங்குமே இல்லை. அது எங்களில் ஒருத்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது தன் மனதில் தோன்றியதை இடையில் எழுதிவைத்தது. முதலாவது தவறு வெட்கம் தந்தது. இரண்டாவது தவறு பயம் தந்தது. ஏனென்றால் மருத்துவத்தில் ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதினால், அதை நம்பி இன்னொருவர் மருந்து எழுதுவார்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையின் 123ஆம் பக்கத்தில், போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதிய ஒரு சிறிய கடிதம் வெளியானது. மொத்தம் ஐந்து வசனங்கள். மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்த நோயாளர்களின் பதிவுகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஓபியம் வகை வலிநிவாரணி குறைந்தது ஒன்றாவது பெற்ற 11,882 பேரில், முன்பு போதைக்கு அடிமையாகியிராத நால்வர் மட்டுமே அம்மருந்துக்கு அடிமையானதாக ஓரளவு நல்ல பதிவு இருந்தது என்பது அதன் சாரம். எத்தனை நாள், எவ்வளவு மருந்து, வீடு திரும்பியபின் என்ன நடந்தது என்பவை அந்த ஐந்து வசனங்களில் இல்லை.

2017இல் அதே சஞ்சிகையில் கனடிய ஆய்வாளர் சிலர், இந்தக் கடிதத்தைப் பின்னர் யார் யார் எப்படி எடுத்தாண்டார்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதினார்கள். 608 இடங்களில் அது எடுத்தாளப்பட்டிருந்தது. அவற்றில் 72 வீதமானவை, இம்மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டின. ஏறக்குறைய 81 வீதமானவை, அந்த நோயாளர்கள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற ஒரு சொல்லைச் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்திய ஓபியம் மருந்து நெருக்கடிக்கு இந்தக் கடிதம் மட்டும் காரணம் அல்ல. ஆனால் மாதக்கணக்கில் வீட்டில் வைத்து இம்மருந்தை உட்கொள்வது ஆபத்தில்லை என்ற நம்பிக்கைக்கு அது துணைபோனது என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இப்போது நாமே அந்தக் கடிதத்துக்குக் குறிப்பு எழுதிப் பார்ப்போம். அவசரத்தில் எழுதினால் இப்படி இருக்கும்: "போர்ட்டர் 1980: அடிமையாதல் 1 வீதத்திலும் குறைவு." பார்க்கச் சுருக்கமாக, அழகாக இருக்கிறது. ஆனால் கடிதத்தில் வீதக் கணக்கே இல்லை. நான்கை 11,882ஆல் வகுத்துப் பார்த்தது நாம். மருத்துவமனை என்ற சொல் விழுந்துவிட்டது. முன்பு அடிமையாகியிராதவர்கள் என்ற நிபந்தனையும் விழுந்துவிட்டது. நம்முடைய கணக்கு அவர்களுடைய பெயரில் ஏறிவிட்டது. ஒரே வரியில் மூன்று குரல்களும் கலந்துவிட்டன.

நாங்கள் பிறகு பழகிக்கொண்ட முறையில் எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கொப்பிப் பக்கத்தின் வலப்புறம் மூன்றில் ஒரு பங்கை மடித்துக் கோடாக்கிக்கொள்வோம். இடப்புறம் முழுவதும் நூலுக்கு, வலப்புறம் நமக்கு. தலைப்பில் ஆசிரியர், ஆண்டு, சஞ்சிகை, பக்கம். அதன் கீழே கடிதத்தின் தலைப்பை ஆங்கிலத்திலேயே, மேற்கோள் குறிக்குள், எழுத்துப் பிசகாமல் எழுதுவோம். அதில் 'அரிது' என்ற சொல் இருக்கிறது, அது அவர்களுடைய சொல். அடுத்த வரி "சு" என்று தொடங்கும், சுருக்கம் என்பதற்கு அடையாளம்: "சு, ப. 123: மருத்துவமனையில் இருந்தவர்கள். குறைந்தது ஒரு மருந்தாவது பெற்றோர் 11,882. முன்பு அடிமையாகியிராதவர்களில் 4 பேர்." வலப்புறத்தில் "எ" என்று போட்டு, எமது என்பதற்காக, முழு வசனத்தில் எழுதுவோம்: "எ: 4ஐ 11,882ஆல் வகுத்தால் சுமார் 0.03 வீதம், இது நமது கணக்கு. வீட்டுக்குப் போனபின் யார் பார்த்தார்கள்? முதுகுவலிக்கு ஆறு மாதம் எடுப்பவருக்கு இது பொருந்துமா?" இதற்கு மேலதிகமாக ஐந்து நிமிடம்தான் செல்லும்.

நிறப் பேனைகளால் பிரிக்கலாமே என்று தங்கைமார் கேட்பீர்கள். நாங்களும் செய்து பார்த்தோம். இரவு வாட்டில் கையில் ஒரே ஒரு நீலப் பேனைதான் இருக்கும். போட்டோப் பிரதி எடுத்தால் எல்லாம் கறுப்பு. ஆகவே நிறம் துணைக்கு இருக்கட்டும். அடையாளம் எழுத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்றிலும் சுருக்கம்தான் கடினமானது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுருக்கினால், நான்கு சொல் அவருடையது, இரண்டு சொல் நம்முடையது என்று ஒரு கலவைதான் வரும். பந்தியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். இன்னொருத்திக்கு விளங்கப்படுத்துவதுபோல எழுதுங்கள். பிறகு திறந்து இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். முதலாவது, அவருடைய சொற்றொடர் ஏதாவது அப்படியே வந்துவிட்டதா? வந்திருந்தால், அந்தத் துண்டுக்கு மட்டும் மேற்கோள் குறி போடுங்கள். இரண்டாவது, யாரிடம், எங்கே, எவ்வளவு காலம் என்ற கட்டுப்பாட்டுச் சொற்களும், "இருக்கலாம்", "சிலரில்" போன்ற தயக்கச் சொற்களும் தப்பிவிட்டனவா? சுருக்கும்போது முதலில் உதிர்பவை இவைதான். சொற்கள் நம்முடையவை என்றாலும் கருத்து அவருடையது, ஆகவே சுருக்கத்துக்கும் பக்க எண் வேண்டும்.

மேற்கோளைக் குறைவாக எடுங்கள். வரைவிலக்கணம், சொல் மாறினால் பொருள் மாறும் வசனம், நாம் மறுக்கப்போகும் கருத்து, இவற்றுக்கு மட்டும் போதும். இடையில் எதையாவது விட்டால் மூன்று புள்ளி. நாம் ஒரு சொல்லைச் சேர்த்தால் சதுர அடைப்பு. கணினியில் எழுதுபவர்கள் முதலில் மேற்கோள் குறிகள் இரண்டையும் தட்டிவிட்டு, அவற்றுக்கு நடுவில் வசனத்தை ஒட்டுங்கள். ஒட்டிவிட்டுப் பிறகு குறி போடலாம் என்று நினைத்தால் அது மறந்தே போகும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் உயர்தரம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் வாசிக்கிறோம். ஆங்கில வசனத்தைத் தமிழில் எழுதியவுடன் அது நம்முடைய சொல்லாகிவிட்டதுபோல ஒரு எண்ணம் வரும். ஆகவில்லை. வசனத்துக்கு வசனம் மொழிபெயர்த்தது மேற்கோளின் இனம், சுருக்கத்தின் இனம் அல்ல. "மொ" என்று போட்டுப் பக்க எண் எழுதுங்கள். முக்கியமான ஆங்கிலச் சொல்லைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தின் பின் அந்தத் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி, அவர் சொல்லாத ஒரு சொல்லை அவர் வாயில் வைத்துவிடுவோம்.

இன்னுமொரு பொறி, ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்னதைக் குறிப்பெடுப்பது. ஒரு பாடநூலில் 1980ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றி வாசித்தால், நாம் வாசித்தது பாடநூலை. குறிப்பில் "பாடநூல், இத்தனையாம் பக்கம், போர்ட்டர் சொன்னதாக" என்றுதான் எழுத வேண்டும். முடிந்தால் மூலத்தைத் தேடி வாசியுங்கள். ஐந்து வசனங்களை வாசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் 'மருத்துவமனை' என்ற சொல் எத்தனையோ கட்டுரைகளில் தப்பிப் பிழைத்திருக்கும்.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. பிழையாக விளங்கிக்கொண்டு ஒழுங்காக "சு" என்று போட்டால், அது ஒழுங்கான பிழையாகத்தான் இருக்கும். ஆனால் பக்க எண் இருந்தால் திரும்பிப் போய்த் திருத்தலாம்.

இன்றிரவு வீட்டுக்குப் போய் மூன்று மாதத்துக்கு முந்திய உங்கள் கொப்பி ஒன்றை எடுங்கள். ஏதாவது ஒரு வரியில் விரலை வையுங்கள். இதை யார் சொன்னது, எந்தப் பக்கத்தில் என்று உங்களையே கேளுங்கள். பதில் சொல்ல முடியாத வரிகளின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். மூலத்தைத் திறந்து பார்க்கும்வரை அந்த வரிகளை எந்தக் கட்டுரையிலும் சேர்க்காதீர்கள். எங்கள் கொப்பியில் அன்று போட்ட கேள்விக்குறிகள் முப்பத்தேழு.