ஒன்றரை என்றால் எதில் ஒன்றரை?

போன பகுதியைக் கேட்டுட்டு ஒருத்தர் எழுதியிருந்தார்: "எல்.இ.ஆர். 1.5 வந்தா, ஊடுபயிர் தண்ணியையும் உரத்தையும் ஒன்றரை மடங்கு நல்லா பயன்படுத்துதுன்னு எடுத்துக்கலாமா?" எடுத்துக்க முடியாது. ஏன்னு ஒரு கணக்கு போட்டே பார்த்துடலாம்.

சோளமும் துவரையும் எடுத்துக்குவோம். ஹைதராபாத் பக்கத்துல இக்ரிசாட் பண்ணையில நிறைய ஆராய்ந்த ஜோடி இது. எண்கள் மட்டும் விளக்கத்துக்காக நான் வச்சுக்கிறது. ஒரு ஹெக்டேரில் தனிச்சோளம் 4000 கிலோ, கலந்து போட்டா 3400. அது 0.85. தனித்துவரை 1000 கிலோ, கலந்தா 650. அது 0.65. கூட்டினா 1.5. அதாவது, இந்த ரெண்டு விளைச்சலையும் தனித்தனியா எடுக்க ஒன்றரை ஹெக்டேர் வேணும். அவ்வளவுதான் அந்த எண் சொல்லுது. அது நிலக் கணக்கு, தண்ணிக் கணக்கு இல்ல.

அதுல காலமும் விட்டுப்போகுது. சோளம் 100 நாள், துவரை 180 நாள்னு வைங்க. தனிச்சோளம் போட்ட நிலம் 100 நாளில் காலியாயிடும், எல்.இ.ஆர். அதைக் கண்டுக்கிறதே இல்ல. 1987-ல் ஹீப்ஷ், மெக்கொல்லம் ரெண்டு பேரும் நாளையும் சேர்த்த ஒரு விகிதம் கொடுத்தாங்க. 0.85-ஐ 100-ஆலும் 0.65-ஐ 180-ஆலும் பெருக்கிக் கூட்டினா 202. அதை 180-ஆல் வகுத்தா 1.12. ஒன்றரை எங்க, இது எங்க! ஆனா மானாவாரியில, சோளத்துக்கு அப்புறம் வேற எதுவும் வராத மண்ணுன்னா, அந்த 80 நாள் சும்மாதான் கிடக்கும். அங்க 1.12 ஊடுபயிரைக் குறைச்சுக் காட்டும். உண்மை ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கும்.

அப்ப அந்த ஆதாயம் எங்கிருந்து வருது? துவரை முதல் ரெண்டு மாசம் மெதுவாத்தான் வளரும். அப்ப வெயிலைச் சோளம் பிடிச்சுக்குது. சோளம் அறுத்த பிறகு, மிச்ச ஈரத்துல துவரை கிளை விரிக்குது. பெரும்பாலும் இது கூடுதல் வெளிச்சத்தையும் ஈரத்தையும் பிடிச்சதுதான். ஒரு சொட்டு தண்ணிக்குக் கூடுதல் தானியம் கொடுத்ததுன்னு அர்த்தமில்ல. இதுல எதுன்னு தெரியணும்னா இலைப்பரப்புக்கு மேலயும் கீழயும் வெளிச்சத்தை அளக்கணும், மண்ணீரத்தை ஆழம் ஆழமா அளக்கணும். விளைச்சலை மட்டும் வச்சுப் பிரிக்க முடியாது.

கடைசியா, வகுக்கிற எண். எனக்கு முதல் சந்தேகம் எப்பவும் அங்கதான். தனித்துவரையை அதுக்கேத்த இடைவெளியில போடாம, களையையும் சரியா எடுக்காம விட்டு 700 கிலோதான் வந்ததுன்னா, அதே 650 கிலோ 0.93 ஆயிடும். எல்.இ.ஆர். 1.78! ஊடுபயிர் ஒரு கிலோகூட ஏறல. அதனால ஆய்வறிக்கையில 1.7, 1.8-னு பார்த்தீங்கன்னா, முதல்ல தனிப்பயிர் விளைச்சலை அந்த வட்டாரத்துல நல்லா பார்த்த பயிரோட ஒப்பிட்டுப் பாருங்க. தனிப்பயிர்ச் செடி எண்ணிக்கையும் எழுதியிருக்காங்களான்னு பாருங்க. எழுதலைன்னா, அந்த விகிதத்தை நான் மேற்கோள் காட்டமாட்டேன்.