கிரேப் காகிதப் பூக்கள்: இதழும் காம்பும்

நவராத்திரிக்குக் கொலு வைத்தால் பொம்மைகள் பத்து நாளும் படியில் இருக்கும், பூக்கள் இருப்பதில்லை. முதல் நாள் நிலைவாசலில் கட்டிய மாலை மூன்றாம் நாள் கருகித் தொங்கும். ஊரில் இருந்தபோது பூக்காரி நாள்தோறும் வாசலுக்கு வந்தாள். தில்லியிலோ கொல்கத்தாவிலோ குடியேறிய நம்மில் பலருக்கு அந்த வசதி இல்லை. பூசைக்குரிய பூவை மட்டும் அன்றன்று வாங்கிக்கொண்டு, வாயிலுக்கும் சுவருக்கும் உரிய அலங்காரத்தைக் கிரேப் காகிதத்தால் செய்து வைத்துக்கொள்ளலாம். காகிதப் பூ அர்ச்சனைக்கு ஆகாது; தோரணத்துக்கு நன்றாக ஆகும்.

தில்லியில் நான் வைத்த முதற் கொலுவுக்கு ஐம்பது ரோஜாக்கள் செய்தேன். இரண்டு வாரம் இரவெல்லாம் கண்விழித்த வேலை அது. கொலுவின் இரண்டாம் நாளே அவற்றில் பாதி, மழையில் நனைந்த கோழிபோல் தலை தொங்கிவிட்டன. பக்கத்து வீட்டுப் பாட்டி திருநெல்வேலிப் பக்கத்தவர். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தவர் ஒரு பூவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "ஏன் அம்மா, வெட்டுமுன் தாளை இழுத்துப் பார்த்தாயா?" என்று கேட்டார். நான் இழுத்துப் பார்க்கவில்லை. என் பிழை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தது.

கிரேப் காகிதத்தின் உடலில் நுண்ணிய சுருக்கங்கள் வரிவரியாக ஓடுகின்றன. ஆலையில், ஈரமான காகிதத்தை உருளையிலிருந்து ஓர் அலகு சுரண்டி எடுக்கும்போது அது மடிந்து மடிந்து இந்த வரிகள் உண்டாகின்றன. ஆகையால் தாளை வரிகளுக்குக் குறுக்கே இழுத்தால் சுருக்கம் விரிந்து நீளும். வரிகளின் போக்கிலேயே இழுத்தால் நீளாது; விறைப்பாக நிற்கும். இதழுக்கு இவ்விரண்டு குணங்களும் வேண்டும். அடியிலிருந்து நுனிவரை விறைப்பு வேண்டும். பக்கவாட்டில் நெகிழ்வு வேண்டும். எனவே வரிகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓடுமாறு வெட்ட வேண்டும். நான் குறுக்காக வெட்டியிருந்தேன். அதனால் இதழ்கள் தம் பாரத்தாலேயே நீண்டு தொங்கிவிட்டன.

கடையில் மடித்து விற்கும் தாள் பெரும்பாலும் 20 அங்குல அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ளது. வரிகள் அதன் அகலவாட்டில் ஓடும். தாள் நீளவாட்டில் இழுபடும். ஆயினும் இதை நம்பி வெட்டிவிடாமல் ஒவ்வொரு முறையும் ஒரு மூலையை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பு மடிப்பைப் பிரிக்காமலே, அகலத்தில் 3 அங்குலம் அளந்து, குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினால் 3 அங்குல அகலமுள்ள நீண்ட பட்டை கிடைக்கும். வரிகள் அப்பட்டையின் குறுக்கே, இதழின் உயரவாட்டில் அமைந்திருக்கும்.

இனி ஒரு ரோஜாவை முழுவதும் செய்து பார்ப்போம். காம்புக்கு 18 கேஜ் கம்பியில் 9 அங்குலம், கட்டுவதற்கு 28 கேஜ் மெல்லிய கம்பி, சிறிது பஞ்சு, பூவின் நிறத்திலும் பச்சையிலும் தாள், கெட்டியான மைதாப் பசை, கத்தரிக்கோல், குறடு ஆகியவை போதும். புதுக் கம்பியில் எண்ணெய்ப் பசை இருக்கும். அதைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். இல்லையேல் பின்னர்ச் சுற்றும் காகிதம் வழுக்கும்.

கம்பியின் ஒரு நுனியைக் குறட்டால் அரை அங்குலம் கொக்கிபோல் வளைத்துக்கொள்ளுங்கள். பூ மேலே கழன்று வராமல் பிடித்துக்கொள்வது இக்கொக்கியே. அதன்மேல் சிறு நெல்லிக்காய் அளவு பஞ்சைச் சுற்றி, 3 அங்குலச் சதுரத் தாளால் மூடி, அடியில் மெல்லிய கம்பியால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். இதுவே பூவின் நடுமொட்டு.

அடுத்து இதழ்கள். பட்டையிலிருந்து 2 அங்குல அகலத்தில் ஐந்து துண்டுகளும், இரண்டரை அங்குல அகலத்தில் ஏழு துண்டுகளும் வெட்டிக்கொள்ளுங்கள். உயரம் எல்லாவற்றுக்கும் 3 அங்குலமே. நான்கு துண்டுகளுக்கு மேல் அடுக்கி வெட்டாதீர்கள். அடித்தாள் நகர்ந்து வடிவம் கெடும். மேற்புறத்தை வட்டமாகவும், அடிப்புறத்தை அரை அங்குலமாகக் குறுகுமாறும் வெட்டுங்கள்.

இதழுக்கு உயிர் வருவது இனிமேல்தான். இதழின் நடுவில் இரு கட்டைவிரல்களையும் வைத்து, பின்புறம் மற்ற விரல்களால் தாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் மெல்ல இழுங்கள். நடுப்பகுதி விரிந்து இதழ் சிறு கிண்ணம்போல் குழியும். விளிம்பை இழுக்கக் கூடாது. குழித்தலை ஒரே முறையில் முடித்துவிட வேண்டும். சுருக்கம் முழுவதும் விரிந்துவிட்ட தாள் பழைய நிலைக்குத் திரும்பாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் வரிகள் மறைந்து வெளிறித் தெரியுமாயின், அளவுக்கு மீறி இழுத்துவிட்டீர்கள் என்று பொருள். அவ்விதழை ஒதுக்கி வேறொன்று வெட்டுங்கள். இழுத்தும் குழியவே இல்லையென்றால் வரி குறுக்கே இருக்கிறது என்று அறியலாம். வெளியிதழ் ஏழுக்கு மட்டும் மேல்விளிம்பைப் பென்சிலில் சுற்றிப் பின்புறமாகச் சுருட்டிவிடுங்கள்.

இப்போது கட்டுவோம். சிறிய இதழ்கள் ஐந்தையும், குழிந்த பக்கம் மொட்டைப் பார்க்குமாறு, ஒன்று மற்றொன்றின் பாதியை மூடும்படி நெருக்கமாகச் சுற்றுங்கள். பெரிய ஏழு இதழ்களையும் அவ்வாறே, ஆனால் சற்றுத் தளர்வாகச் சுற்றுங்கள். மூன்று இதழுக்கு ஒரு முறை மெல்லிய கம்பியால் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. ஒவ்வொரு இதழையும் முந்தியதைவிடச் சிறிது கீழே வைத்துக்கொண்டே போவார்கள். பூ ரோஜாவாக இராமல் வாழைப்பூவாகிவிடும். எல்லா இதழ்களின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கட்டி முடித்தபின் பூவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு முறை உதறுங்கள். ஓர் இதழேனும் அசைந்தால் கட்டுப் போதவில்லை.

ஒன்றரை அங்குல உயரப் பச்சைத் துண்டில் ஐந்து கூரிய பற்கள் வெட்டி, அடியில் மட்டும் பசை தடவிப் பூவின் கழுத்தில் சுற்றுங்கள். பிறகு அரை அங்குலப் பச்சைப் பட்டையால் காம்பைச் சுற்ற வேண்டும். பட்டையின் தொடக்கத்தைக் கழுத்தில் ஒட்டுங்கள். அதை ஒரு கையில் சாய்வாகப் பிடித்து இழுத்துக்கொண்டே, மற்றொரு கையால் கம்பியை உருட்டுங்கள். நகர வேண்டியது பட்டையன்று; சுழல வேண்டியது கம்பி. ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூட வேண்டும். இழுத்த பட்டை கம்பியை இறுகப் பற்றிக்கொள்வதால், பசை தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் இருந்தால் போதும்.

இத்தகைய காம்புப் பூக்கள் சுவர்த் தொங்கலுக்கு உரியவை. பழைய பூத்தையல் வளையம் ஒன்றில் பச்சைத் தாளைச் சுற்றி, ஒரு பக்கமாக மூன்று ரோஜாக்களின் காம்புகளை வளையத்தோடு சேர்த்து முறுக்கிவிட்டால் தொங்கல் முடிந்தது. கம்பியின் கூர்முனையைக் குறட்டால் உட்புறம் மடித்துவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடல்லவா?

மாலைக்குக் கம்பி வேண்டாம், கனமே மிகும். அதற்குச் சாமந்தி எளிது. 2 அங்குலப் பட்டையில் 18 அங்குல நீளம் எடுத்து, அகலத்தில் முக்கால் பங்குவரை நெருக்கமாகக் கீறி, கீறாத அடிப்பக்கத்தைச் சுருக்கிச் சுருட்டி நூலால் கட்டி, இழைகளைப் பிரித்துவிட்டால் பூவாகும். ஊசியில் தடித்த நூல் கோத்துப் பூவின் கழுத்தில் நுழையுங்கள். மூன்று அடி வாயிலுக்கு நடுவில் வளைந்து தொங்கும் மாலை ஏறத்தாழ 42 அங்குலம் வேண்டும். பூ ஒன்றுக்கு 2 அங்குலம் எனக் கொண்டால் 21 பூக்கள். ஒரு பட்டையில் நான்கு பூக்கள் தேறும். ஒரு தாளில் பத்துப் பட்டைகள். ஆகவே ஒரே தாளில் மாலையும் முடிந்து, ஏறக்குறைய அதே அளவு மீதமும் இருக்கும்.

இனி, இக்காகிதத்தின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஈரம் பட்டால் இதன் சாயம் பெரும்பாலும் கரையும். ஈரக் கையோடு தொடாதீர்கள். நீர்த்த பசையை உபயோகிக்காதீர்கள். வெள்ளைச் சுவரில் மாட்டினால் பின்னால் ஓர் அட்டை வையுங்கள். கொலு பார்க்க வருகிறவர்களின் பட்டுப்புடவை உரசும் உயரத்தில் சிவப்புப் பூ வேண்டாம். மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் மழைக்காலக் காற்றின் ஈரமே இதழைத் துவள வைக்கும். ஆதலால் செய்த பூக்களைப் பண்டிகை நாள்வரை மூடிய தகர டப்பாவில் வைத்திருங்கள். வெயில் விழும் சன்னலருகே தொங்கவிட்டால் நிறம் வெளிறும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நெருப்பு. சுருக்கமுள்ள மெல்லிய தாளைத் தீ நொடியில் பற்றும். குத்துவிளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் மேலே காகிதப் பூ கூடவே கூடாது. பக்கத்தில் மூன்று அடியாவது விலகியிருக்கட்டும். மின்விசிறிக் காற்றில் மாலை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விளக்குச் சரத்தின்மீது பூவைச் சுற்றாதீர்கள்.

மறு ஆண்டு நான் பன்னிரண்டு ரோஜாக்கள் மட்டுமே செய்தேன். விஜயதசமி முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றி எடுத்துவைத்த அன்றும் அவை நிமிர்ந்தே இருந்தன. பாட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகுமுன் ஓர் இதழின் விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.